திரையில் பளிச், பிரிண்டில் மங்கல்

கேள்வி: புதுச்சேரி வெள்ளை நகரத்தில் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக எடுத்த படம் மொபைலில் பளிச்சென்று இருக்கிறது. பிரிண்ட் போட்டால் ஏன் மங்கிவிடுகிறது?

திரை தானே ஒளி விடுகிறது. காகிதமோ தன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப மட்டுமே செய்யும். அதிலும் கடற்கரை வெயிலில் மொபைல் தன் பிரகாசத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்ளும். உங்கள் கண் அதற்குப் பழகிவிட்டது.

அதனால் முதலில் தானியங்கிப் பிரகாசத்தை அணையுங்கள். வீட்டு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையிலுள்ள வெற்று வெள்ளைப் பக்கம் அந்தத் தாளின் வெளிச்சத்துக்கு வரும்வரை பிரகாசத்தைக் குறையுங்கள். இப்போது படத்தைத் திறந்தால் சுவரின் நிழல் பகுதி இருண்டு தெரியும். பிரிண்டும் ஏறக்குறைய இப்படித்தான் வரும். நிழல் பகுதியின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றினால் போதும்.

காகிதப்பூவின் கதை வேறு. அந்த அடர் ரோஸ் நிறம் பெரும்பாலும் பிரிண்டரால் தர முடிந்த நிற எல்லைக்கு வெளியே இருக்கும். அப்படியே அனுப்பினால் இதழ் மடிப்புகள் ஒட்டிப்போய் ஒரே திட்டாகிவிடும். அந்த நிறத்தின் அடர்த்தியை மட்டும் மடிப்பு தெரியும்வரை குறைத்து, sRGB என்ற பொதுவான நிற அமைப்பில் சேமியுங்கள். திரையில் கண்ட ரோஸ் முழுதாக வராது. பூ பூவாகத் தெரியும்.

பெரிய அளவு போடுமுன் அதே லேபில், அதே தாளில் ஒரு 4×6 அங்குலப் பிரிண்ட் எடுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.