மேனேஜரை சிசி-யில் சேர்ப்பதற்கு முன் ஒரு போன்

"ஸ்டோர்ஸில் ஒருவர் என் மெயிலுக்குப் பதிலே போடுவதில்லை. அவருடைய மேனேஜரை சிசி-யில் சேர்க்கலாமா? கோள் சொன்ன மாதிரி ஆகிவிடுமோ?"

சேர்க்கலாம். ஆனால் அவருக்குச் சொல்லாமல் சேர்க்காதீர்கள்.

நான் பர்ச்சேஸில் வேலை பார்க்கிறேன். சரக்கு வந்து சேர்ந்ததற்கான ஜிஆர்என்னை ஸ்டோர்ஸ் போட்டால்தான் சப்ளையருக்குப் பணம் போகும். ஒருமுறை மூன்று மெயில் போட்டும் பதில் வரவில்லை. நான்காவதில் சத்தமில்லாமல் அவருடைய மேனேஜரைச் சேர்த்துவிட்டேன். விசாரித்தால், சரக்கு தர சோதனையில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் எங்கள் செக்‌ஷன் பையனிடம் போனில் சொல்லியும் இருந்தார், என் காதுக்குத்தான் வரவில்லை. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் அப்படி ஒரு மெயில் போனதே அவருக்குத் தெரிந்தது. அதன்பின் பல மாதம் என்னிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. தவறு என்னுடையது.

இப்போது முதலில் போன்தான். "அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள ஜிஆர்என் வேணும். சோதனையிலதான் நிக்குதுன்னா உங்க சாரையும் மெயில்ல சேர்த்துக்கட்டுமா? அவர் சொன்னா சீக்கிரம் நகரும்" என்று கேட்பேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மெயிலின் முதல் வரியிலேயே காரணத்தை எழுதுவேன்:

"சார், உங்களை இதில் சேர்த்திருக்கிறேன். சரக்கு 4-ம் தேதி வந்துவிட்டது, தர சோதனை இன்னும் முடியவில்லை. ஸ்டோர்ஸ் பக்கம் பாக்கி எதுவும் இல்லை. சப்ளையருக்கு 15-ம் தேதி பணம் போக வேண்டும். சோதனையை வியாழனுக்குள் முடித்துத் தரச் சொல்ல முடியுமா?"

'மூன்று முறை நினைவூட்டியும்' என்ற வரி இதில் இல்லை. அது வந்தால்தான் மெயில் புகாராகிவிடும். தேதிகளைச் சொன்னாலே தாமதம் தெரிந்துவிடும்.

இந்த மெயிலில் மேனேஜரை டூ-வில் போடுவேன், சிசி-யில் அல்ல. முடிவெடுக்க வேண்டியவர் அவர். தகவல் தெரிந்தால் போதும் என்பவருக்குத்தான் சிசி. சிசி-யில் வரும் மெயில்களைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டு மாலையில் பார்க்கிற மேனேஜர்களும் உண்டு. பெயரை எடுத்துவிட்டால் யாருடைய வேலையாவது நிற்குமா என்று பாருங்கள். நிற்காது என்றால் அந்தப் பெயர் வேண்டாம்.

அனுப்பும் முன் கீழே உள்ள பழைய மெயில்களை ஒருமுறை படித்துவிடுங்கள், புதிதாக வருபவர் அத்தனையையும் பார்ப்பார். ரிப்ளை கொடுக்கும்போது பழைய இணைப்புகள் பொதுவாகக் கூடவே போகாது. இன்வாய்ஸ், டெலிவரி சலான் இரண்டையும் மறுபடி இணையுங்கள்.

அப்புறம், ஜிஆர்என் வந்ததும் மேனேஜரும் இருக்கிற அதே மெயிலிலேயே ஸ்டோர்ஸ்காரருக்கு நன்றி சொல்லுங்கள். "சார், இனி உங்களை இதிலிருந்து எடுத்துவிடுகிறேன்" என்று ஒரு வரி எழுதி, அடுத்த மெயிலில் எடுத்துவிடுங்கள்.