தெரியாத கருவியைக் கண்டுபிடிக்க 90,000 ரூபாய் பெட்டி தேவையா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாம் சேர்த்து முப்பது கருவிகள் இருக்கும். நெட்வொர்க்கில் யாராவது தெரியாத கருவியைச் செருகினால் காட்டிக்கொடுக்கும் என்று ஒரு டீலர் 90,000 ரூபாய்க்கு ஒரு பெட்டி சொல்கிறார். வருடச் சந்தா தனி. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் உங்கள் சுவிட்ச் ‘மேனேஜ்டு’ அல்லது ‘ஸ்மார்ட்’ வகை என்றால், அந்தத் தகவல் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்தான் மேக் முகவரி. எந்த போர்ட்டில் எந்த மேக் முகவரி பேசுகிறது என்று சுவிட்ச் ஓர் அட்டவணை வைத்திருக்கும். பிரவுசரில் சுவிட்சைத் திறந்து MAC Address Table என்ற பக்கத்தைத் தேடுங்கள். சிஸ்கோ சுவிட்ச் என்றால் அதன் கட்டளை வரியில் இது போதும்:

```
show mac address-table dynamic
```

சாதாரண அன்மேனேஜ்டு சுவிட்சில் இதைப் பார்க்க வழியில்லை. அப்படியானால் உங்கள் கேபிள் கருவிகளுக்குப் போதுமான போர்ட் உள்ள ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்றை வாங்குங்கள். டீலர் கேட்கும் தொகையில் சிறு பங்குதான் ஆகும்.

உண்மையான வேலை நீங்கள் எழுதும் பட்டியலில்தான். ஒவ்வொரு கருவியின் மேக் முகவரி, யாருடையது, எங்கே இருக்கிறது, எந்த போர்ட் என்று எழுதுங்கள். ஒரு லேப்டாப்புக்கு கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என இரண்டு முகவரி இருக்கும். விண்டோஸில் `getmac /v` கொடுத்தால் எல்லாம் வரும்.

அப்புறம் சுவிட்ச் அட்டவணையை எடுங்கள், ஆனால் ஒரே ஒரு முறை எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். பல சுவிட்சுகள் ஐந்து நிமிடம் பேசாத கருவியை அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். அதனால் வேலை நேரத்தில் ஒன்று, அலுவலகம் பூட்டிய பின் இரவில் ஒன்று. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் பேசிக்கொண்டிருப்பது யார் என்று இரவுப் பிரதிதான் காட்டும்.

எக்செலில் ஒப்பிடும்போது ஒரு சிக்கல் உண்டு. சிஸ்கோ புள்ளி வைக்கும், விண்டோஸ் கோடு வைக்கும், மற்றவை பலவும் முக்காற்புள்ளி வைக்கும். எல்லாவற்றையும் நீக்கி 12 எழுத்தாக்குங்கள். அதற்கு முன்பே அந்தப் பத்தியை Text என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் வெறும் இலக்கங்களாலான முகவரியை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யங்களை எக்செல் விழுங்கிவிடும். பிறகு உங்கள் பட்டியலின் முகவரிகளை Known என்ற தாளின் A பத்தியிலும், சுவிட்ச் தந்தவற்றை இன்னொரு தாளின் A பத்தியில் A2 முதலும் வைத்து, பக்கத்துப் பத்தியில் இதைக் கொடுத்துக் கீழே வரை இழுங்கள்:

```
=MATCH(A2,Known!A:A,0)
```

#N/A வந்தவை எல்லாம் உங்கள் பட்டியலில் இல்லாதவை.

உங்கள் அளவு அலுவலகத்தில் அப்படி நான்கு மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு, வைஃபை ஆக்சஸ் பாயின்ட் இருக்கும் போர்ட்டில். இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்று. அவை பெரும்பாலும் ஊழியர்களின் போன்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குப் போலி முகவரி காட்டுகின்றன. அவற்றைத் துரத்துவதைவிட, போன்களைத் தனி கெஸ்ட் வைஃபைக்கு மாற்றுவது மேல். மூன்றாவது, பிரிண்டரின் வைஃபை முகவரி. பட்டியலில் சேர்க்க விட்டுப்போனது. நான்காவது மீட்டிங் அறையின் 17-ஆம் போர்ட்டில், b8:27:eb என்று தொடங்குகிறது, இரவிலும் இருக்கிறது. முதல் ஆறு எழுத்து தயாரிப்பாளரைச் சொல்லும். இது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர். டிவியில் விளம்பரம் ஓட்ட யாரோ வைத்ததாகவும் இருக்கலாம். கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள், படம் எடுங்கள், விசாரியுங்கள். யாரும் பொறுப்பேற்கவில்லை என்றால் அந்த போர்ட்டை அணைத்துவிடுங்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் 2018-இல் அனுமதி இல்லாமல் இணைத்திருந்த ஒரு ராஸ்பெர்ரி பை வழியாகத்தான் திருடர்கள் நுழைந்து சுமார் 500 எம்பி தரவை எடுத்துப் போனார்கள். அங்கே இருந்த கருவிப் பட்டியல் முழுமையாக இல்லை என்பதை நாசாவின் தணிக்கை அறிக்கை 2019-இல் சுட்டிக்காட்டியது.

இந்த முறைக்கு ஓட்டையும் உண்டு. ஒருவர் சின்ன ரவுட்டரைச் செருகினால் அதன் ஒரே முகவரிதான் தெரியும். பின்னால் பத்து கருவி இருந்தாலும் மறைந்துவிடும். அந்த ரவுட்டருக்கு உங்கள் கணக்காளர் கம்ப்யூட்டரின் முகவரியையே கொடுத்துவிடலாம். பல ரவுட்டர்களில் MAC Clone என்ற வசதியே இருக்கிறது. அப்போது முகவரி பொருந்தும், #N/A வராது. போர்ட் எண்ணையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான்: கணக்காளரின் முகவரி மீட்டிங் அறை போர்ட்டில் தெரிந்தால் கேள்வி கேளுங்கள்.

இந்த ஓட்டையை அடைக்க, முகவரியை நம்பாமல், கடவுச்சொல் போன்ற சான்று காட்டினால்தான் உள்ளே விடும் முறை 802.1X. டீலரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவர் பெட்டி அதைச் செய்கிறதா, இல்லை மேக் முகவரிப் பட்டியலை மட்டும் அழகாகக் காட்டுகிறதா? இரண்டாவது என்றால் 90,000 ரூபாயை மிச்சப்படுத்துங்கள்.