05/08/2025: ஆகஸ்டா, மே மாதமா?

"திருப்பூரிலிருந்து அமெரிக்காவுக்கு பனியன் அனுப்புகிறேன். சரக்கு புறப்படும் தேதியை 05/08/2025 என்று மெயிலில் போட்டேன், அங்கே மே 8 என்று புரிந்துகொண்டு சண்டைக்கு வந்துவிட்டார்கள். தேதியை எப்படித்தான் எழுதுவது? எக்செல் ஷீட்டிலும் அப்படியே மாற்ற முடியுமா?"

மாதத்தை எழுத்தில் போடுங்கள்: 5 Aug 2025. அவ்வளவுதான். நாள் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் Aug என்பதை நாள் என்று யாரும் படிக்க முடியாது. ஆனால் ஆண்டை நாலு இலக்கத்தில் எழுதுங்கள், ஏனென்றால் 05 Aug 25 என்றால் 2005 ஆகஸ்ட் 25 என்றும் படிக்க இடமிருக்கிறது. கையால் எழுதும் சீட்டு என்றால் Jun, Jul இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அங்கே மட்டும் June, July என்று முழுசாக எழுதிவிடுங்கள்.

இந்தத் தப்பு இத்தனை நாள் கண்ணில் படாததற்குக் காரணம், 25/08/2025 என்று எழுதினால் 25-வது மாதம் கிடையாது என்பதால் அமெரிக்கர்களே சரியாகப் புரிந்துகொள்வார்கள். நாளும் மாதமும் 12-க்குள் இருந்து, இரண்டும் வேறு வேறு எண்ணாக இருந்தால்தான் வம்பு. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 132 நாள் அப்படி வருகிறது.

எக்செல் விஷயத்தில்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். Format Cells போய் Custom-இல் இதைப் போட்டால் மாதம் எழுத்தில் வரும்:

```
dd-mmm-yyyy
```

ஆனால் இது தேதி தெரிகிற விதத்தை மட்டுமே மாற்றும். கம்ப்யூட்டரின் Region அமெரிக்கா என்று இருந்து, நீங்கள் 05/08/2025 என்று அடித்திருந்தால், எக்செல் அதை அப்போதே மே 8 என்று எடுத்து வைத்திருக்கும். இப்போது ஃபார்மேட் மாற்றினால் 08-May-2025 என்று தப்பையே தெளிவாகக் காட்டும். (ஒருவகையில் அதுவும் நல்லதுதான், கண்ணிலாவது படுகிறதே.) பழைய ஷீட்டில் அலைன்மென்ட் எதையும் நீங்கள் தொடவில்லை என்றால், அந்தத் தேதி வரிசையை மேலிருந்து கீழே ஒருமுறை பாருங்கள். 25/08/2025 மாதிரி தேதிகள் கட்டத்தின் இடப்பக்கமும் 05/08/2025 மாதிரி தேதிகள் வலப்பக்கமும் ஒட்டி நின்றால், முதல் வகையை அது தேதியாகவே எடுக்கவில்லை, இரண்டாவது வகையைத் திருப்பி எடுத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஷீட்டை அப்படியே அனுப்பாதீர்கள், மூல பில்லை வைத்துக்கொண்டு திருத்துங்கள்.

அப்புறம் ஃபைல் பெயர். அதில் மட்டும் மாதத்தை எழுத்தில் போடாதீர்கள், பெயர்வாரியாக அடுக்கும்போது Apr, Aug, Dec என்று அகர வரிசையில் போய் நிற்கும். அங்கே ஆண்டு முன்னால் வர 2025-08-05 என்று வையுங்கள்.

வாங்குபவர் அனுப்பும் ஆர்டரில் 09/07/2025 என்று வந்தால் நீங்களாக ஊகிக்க வேண்டாம். "7 Sep 2025-தானே?" என்று ஒரு வரி மெயில் போட்டு, பதில் வந்த பிறகு துணியை வெட்டச் சொல்லுங்கள்.