டயட் கோலா குடித்தால் பசி அதிகமாகுமா?

கேள்வி: எடை குறைத்து வருகிறேன். ராணிப்பேட்டையில் கம்பெனி வேலை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பெல்லாம் கோலா குடிப்பேன், இப்போது டயட் கோலா. பஸ் ஏறி ஆற்காடு வந்து இறங்குவதற்குள் பசி தாங்கவில்லை, இனிப்பாக ஏதாவது கேட்கிறது. செயற்கை இனிப்புதான் பசியைக் கிளப்புகிறது என்கிறார்கள். வாங்குவதை நிறுத்திவிடவா?
— வாசகி, ஆற்காடு

பதில்: உடனே நிறுத்த வேண்டாம். உங்கள் பசிக்கு முதல் காரணம் அந்த பாட்டில் இல்லை, மணி. ஒரு மணிக்குச் சாப்பிட்ட வயிறு ஐந்தரைக்குப் பசிப்பது இயல்பு. முன்பு கோலாவில் இருந்த சர்க்கரை அந்த நேரத்தைத் தாண்ட உதவியது. 300 மில்லி சாதா கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய 130 கலோரி. டயட் கோலாவில் அது கிட்டத்தட்ட பூஜ்யம். நாக்குக்கு இனிப்பு கிடைக்கிறது, வயிற்றுக்கு ஒன்றும் போவதில்லை.

செயற்கை இனிப்பே பசியைத் தூண்டுமா என்பதில் ஆய்வுகள் ஒரே திசையில் இல்லை. 2025-இல் அமெரிக்காவில் 75 பேரிடம் நடந்த ஆய்வில், சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு கலந்த பானம் குடித்தபோது, சர்க்கரை பானம் குடித்தபோது இருந்ததைவிடப் பசி கூடுதலாக இருந்தது. பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியிலும் இரத்த ஓட்டம் கூடியது. ஆனால் அது ஒரே ஒரு வேளை குடித்ததும் நடந்த அளவீடு. மறுபக்கம், 2014-இல் வெளியான 12 வார ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் இருந்தவர்களில் டயட் பானம் குடித்தவர்கள் சராசரியாக 6 கிலோ அளவும், தண்ணீர் மட்டும் குடித்தவர்கள் 4 கிலோ அளவும் குறைந்தார்கள். டயட் பானம் குடித்தவர்களுக்குப் பசியும் கூடவில்லை. ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் குளிர்பான நிறுவனங்களின் சங்கம். அதையும் மனதில் வைத்துத்தான் அந்த முடிவைப் படிக்க வேண்டும். 2023-இல் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்துவதற்காக இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நீண்ட காலப் பலன் தெரியவில்லை என்பது அதன் வாதம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

ஆகவே என் கருத்து இது: சாதா கோலாவை விடுவதற்கு டயட் கோலா நல்ல படி. தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்கத் தேவையில்லை.

எடை குறையாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், கூடவே உள்ளே போகும் தீனி. நீங்கள் டயட் கோலாவால் மிச்சப்படுத்தியது 130 கலோரி. ஒரு கைப்பிடி மிக்சர், அதாவது 25 கிராம் சாப்பிட்டால் அந்த மிச்சம் முழுதும் போய்விடும். 'சர்க்கரை இல்லாததுதானே குடித்தேன்' என்ற தைரியத்தில் கை கொஞ்சம் தாராளமாகவே போகும்.

உங்கள் உடம்பு எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாரம் டயட் கோலாவை மதியச் சாப்பாட்டோடு குடியுங்கள். ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் மோரும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே சுண்டலும் மோரும், ஆனால் டயட் கோலா கிடையாது. இரண்டு வாரமும் ஆற்காட்டில் இறங்கும்போது பசி எவ்வளவு, இரவு வரை வேறு என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். இரண்டு வாரமும் பசி அடங்கியே இருந்தால் குறை சுண்டல் இல்லாததில்தான் இருந்தது. கோலா வாரத்தில் மட்டும் இனிப்பு தேடினால் உங்களுக்கு அது ஒத்துவரவில்லை, விட்டுவிடுங்கள். கோலாவை மதியத்துக்கு மாற்றச் சொல்வதற்குக் காரணம் அதிலுள்ள கஃபைன். மாலையில் போனால் சிலருக்குத் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும்.

அப்புறம், வாங்கும்போது முன்பக்க எழுத்தை நம்பாமல் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். 100 மில்லிக்கு எத்தனை கலோரி, மொத்தச் சர்க்கரை எவ்வளவு என்று இருக்கும். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்ற பழச்சாறில் பழத்தின் சர்க்கரை அப்படியே இருக்கும், அது டயட் பானம் ஆகாது. அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பு இருந்தால், பினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ளவர்களுக்கு ஆகாது என்ற எச்சரிக்கையும் இருக்கும்.

'சுகர் ஃப்ரீ' பலகாரத்திலும் இதே கவனம் தேவை. உங்கள் ஊர் மக்கன் பேடாவைச் சர்க்கரை இல்லாமல் செய்தாலும் கோவா, மைதா, முந்திரி, பொரித்த எண்ணெய் எல்லாம் அதில் இருக்கவே செய்யும். இனிப்புக்காக மால்டிடால் சேர்த்திருந்தால் அதிலும் கிராமுக்கு இரண்டு கலோரிக்கு மேல் உண்டு. நாலைந்து துண்டு ஒரே நேரத்தில் சாப்பிட்டால் வயிறு உப்பி பேதியும் ஆகலாம். அதற்குப் பதில் மாதத்தில் ஒருமுறை நல்ல மக்கன் பேடா ஒன்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு ரசித்துச் சாப்பிடுங்கள் என்பேன்.