ஷிப்மென்ட் தாமதத்தை இன்டர்வியூவில் எப்படி விளக்குவது?

கேள்வி: கடலூரில் இருக்கிறேன், பாண்டியில் மெர்ச்சண்டைசர் இன்டர்வியூ. ஷிப்மென்ட் லேட் ஆனால் பையரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

"மன்னிப்பு கேட்டு மெயில் போடுவேன்" என்பதோடு நிறுத்தினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

உதாரணமாக 6,000 டி-ஷர்ட், மூன்று நிறம், நிறத்துக்கு 2,000. திருப்பூரிலிருந்து வந்த நேவி துணி, பையர் அப்ரூவ் செய்த லேப் டிப் என்ற சாயச் சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை, மறுபடி சாயம் போட 8 நாள் ஆகும். இது கட்டிங்குக்கு முன்பே தெரிந்துவிடும், எனவே பையருக்கும் அன்றைக்கே தெரிய வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் கட்-ஆஃப் நெருங்கிய பிறகு சொன்னால் அவர் கையில் வழியே இருக்காது.

மெயிலில் காரணத்துக்கு இரண்டு வரி போதும். மற்ற 4,000 பீஸ் சொன்ன தேதியிலேயே போகும், நேவி மட்டும் அடுத்த கப்பலில், பார்ஷியல் ஷிப்மென்டுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். புதுத் தேதியை டையிங், சூயிங், பேக்கிங் ஆட்களிடம் கேட்டபிறகே எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டாவது முறையும் தேதி தவறினால் நம்பிக்கை போய்விடும்.

"விமானத்தில் அனுப்பலாமே?" என்று கட்டாயம் மடக்குவார்கள். தவறு நம் பக்கம் என்றால் பெரும்பாலும் அந்தச் செலவு ஃபேக்டரி தலையில்தான், அதனால் மெர்ச்சண்டைசர் தானாக ஒப்புக்கொள்ளக் கூடாது, மேனேஜரிடம் கேட்க வேண்டும். அப்புறம், எல்.சி. ஆர்டர், அதாவது பையரின் பேங்க் பணத்துக்கு உத்தரவாதம் தரும் ஆர்டர் என்றால், பையரின் மெயில் சம்மதம் மட்டும் போதாது. கடைசி ஷிப்மென்ட் தேதி தாண்டுகிறதென்றால் எல்.சி.யிலேயே திருத்தம் வர வேண்டும், இல்லையென்றால் பேங்கில் பணம் நிற்கும். இதைச் சொல்லும் ஃப்ரெஷர் குறைவு.