டிராஃப்ட்ஸ் ஓப்பனிங் கேள்வி பதில்: 9-14 எப்ப ஆடலாம், எப்ப ஆடக்கூடாது

9-14னா 9ஆம் கட்டத்துக் காய் 14க்கு நகர்றது, நடுவுல × போட்டிருந்தா அது வெட்டு.

கேள்வி: அண்ணா, நான் கறுப்பு. 11-15 22-18 15×22 25×18 வரைக்கும் சரியா போச்சு, அப்புறம் 9-13 29-25 5-9 25-22 9-14 ஆடினேன், ஒரு காய் சும்மா போச்சு. ஏன்?

பதில்: 9-14 கெட்ட மூவ் இல்ல தம்பி, நேரம்தான் தப்பு. 25×18 முடிஞ்ச உடனே 9-14 ஆடியிருந்தா 18×9, நீ 5×14னு திருப்பி வெட்டிருப்ப, ஆளுக்கு ஒண்ணு போயிருக்கும். 9ல உக்கார்ற வெள்ளைய வெட்ட உனக்கு ரெண்டே வழி, 5லேர்ந்து 14க்கு இல்லனா 6லேர்ந்து 13க்கு. 5ஐ நீயே நகர்த்திட்ட, 13ல உன் காயே நிக்குது, ரெண்டு கதவையும் நீயே சாத்திட்டு காய நீட்டினா என்ன ஆகும்? எதிராளி வெட்டினப்புறம் எந்தக் காய் திருப்பி வெட்டும், அது எந்தக் கட்டத்துல இறங்கும், அந்தக் கட்டம் காலியா, இத பாத்துட்டு நீட்டு.

கேள்வி: அதுக்கப்புறம் 1-5 ஆடி 9ல இருக்கறத மிரட்டலாமே, திரும்ப கிடைச்சுடும்ல?

பதில்: பாதி சரி, மிரட்டல் நிஜம்தான். ஆனா வெள்ளை 22-18 வைப்பான். நீங்க 5×14 வெட்டித்தான் ஆகணும், அவன் 18×9னு திரும்ப அதே கட்டத்துல வந்து உக்காருவான், 5 மறுபடி காலி. கணக்கு பாருங்க, உங்களுக்கு 9 காய், அவனுக்கு 10. 22ல காய் இல்லாம இருந்திருந்தா உங்க ஐடியா வேலை செஞ்சிருக்க வாய்ப்பு உண்டு, அந்த 25-22தான் எல்லாத்தையும் கெடுத்தது.

கேள்வி: எங்க வீட்ல வெட்டலைன்னாலும் பரவாயில்லைன்னு ஆடுவோம், அப்ப பயமே இல்லையே?

பதில்: அப்ப இது வேற ஆட்டம்ங்க, நான் சொல்றது எல்லாம் வெட்டு கட்டாயம்ங்கற ரூல்ல. சாதாரண காய் பின்னாடியும் வெட்டலாம்னு ஆடுறவங்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே ஒத்து வராது.

கேள்வி: சரி, 9-13க்கு பதிலா என்ன ஆடணும்? அப்புறம் பின்வரிசைய தொடலாமா சார்?

பதில்: 8-11. 11-15 போனதால ஆன ஓட்டைய அது அடைக்குது, வெள்ளை 29-25 ஆடினா அடுத்து 4-8, பின்னாடியும் அடைஞ்சிடும். வெள்ளை நடுவுல 18-14னு நீட்டினாலும் 9×18 23×14 10×17 21×14, ரெண்டுக்கு ரெண்டு. பின்வரிசைல 1, 3 ரெண்டையும் முடிஞ்சவரைக்கும் வைங்கன்னு சொல்லுவேன், எதிராளி ராஜா ஆகறது கஷ்டமாகும். எவ்வளவு நேரம் வைக்கறதுங்கறதுல எனக்கும் என் கூட ஆடுறவருக்கும் இன்னும் ஒத்து வரல, அவர் சீக்கிரமே எடுத்து ஆடுவார், ஜெயிக்கவும் செய்றார்.

கேள்வி: நான் வெள்ளை. கறுப்பு முதல் மூவாவே 9-14 ஆடினதும் 21-17 வைக்கலாமா?

பதில்: வேணாம்மா! 14×21, அவன் ஓரத்துல போய் உக்காந்துடுவான், ஓரத்துல இருக்கறத யாராலயும் வெட்ட முடியாது. 21 காலி ஆனதே உங்க மூவ்னாலதான். 22-17 வைங்க, 21ல உங்க காய் நிக்கறவரைக்கும் அந்த வெட்டு நடக்காது.