தாய்லாந்துப் பேட்டியில் நேர்க்கூற்று எது?

கேள்வி: தாய்லாந்து மொழிப் பேட்டிச் செய்தியை ஆங்கிலத்தில் பெயர்க்கிறேன். எதை மேற்கோள் குறிக்குள் போடலாம்?

முதலில் "தொன்" என்ற சொல்லைத் தேடுங்கள். நம் "தான்" போன்றது அது. "க்லாவ் வா தொன் மை சாப்" என்றால் "தனக்குத் தெரியாது என்றார்". பேட்டியில் அவர், ஆணென்றால், "பொம்" (நான்) என்றே சொல்லியிருப்பார்; நிருபர் மாற்றி எழுதியிருக்கிறார். இதை "எனக்குத் தெரியாது" என்று ஆங்கில மேற்கோளாக்கினால், அவர் வாயில் அப்படியே வந்தனவா என்று தெரியாத சொற்களை அவருடையதாக்கிவிடுவீர்கள். அயற்கூற்றாகவே விடுங்கள். நம் "என்று" போன்ற "வா" என்ற சொல்லை நம்பாதீர்கள். நேர்க்கூற்று, அயற்கூற்று இரண்டுக்கு முன்னும் அது வரும்.

இதைவிடச் சிக்கல், செய்தியில் அதற்கு அடுத்து எழுவாய் இல்லாமல் வரும் பத்தி. பேசுவது அவரா, நிருபரின் பின்னணித் தகவலா? ஒளிப்பதிவு இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் "என்றார்" சேர்க்காதீர்கள். அந்தச் செய்தி சொல்வதாக எழுதுங்கள்.